சிசி சக்கரவர்த்தி

காலை எட்டே முக்காலுக்கு வந்துவிட்டது. தலைப்பில் மூன்று ஆச்சரியக்குறிகள்: "ப்ரவுட் மொமென்ட் ஃபார் அவர் ப்ளான்ட்!!!" ஒரு குறி இருந்தால் ஹெச்.ஆர். அனுப்பியது. இரண்டு இருந்தால் யாருக்கோ பிறந்தநாள், கேன்டீனில் கேக் உண்டு. மூன்று என்றால் நம்மவர்தான். இருங்காட்டுக்கோட்டையில் ஆரம்பித்து ஒரகடம் தாண்டி வல்லம் வடகால் வரைக்கும் எந்தக் கம்பெனி கேட்டில் நின்று கேட்டாலும், "ஓ, உங்க ப்ளான்ட்லயும் இருக்காரா?" என்பார்கள். கார் செய்கிற இடத்திலும் இருக்கிறார், கண்ணாடி செய்கிற இடத்திலும் இருக்கிறார், டயர் செய்கிற இடத்திலும் இருக்கிறார். எங்கள் ஆலையில் காருக்கு உதிரிபாகம் செய்கிறோம். எங்களுக்கு வாய்த்த மேலாளர் எங்களுக்கு.

டீமில் யாராவது பரிசு வாங்கிவிட்டால் நம்மவருக்குப் பொங்கல். பரிசு வாங்கிய ஆள் அன்றைக்கு வழக்கம்போல் மெஷினில் நிற்பார். இவர் கேபின் கதவைச் சாத்திக்கொண்டு பாராட்டு மெயில் எழுத உட்கார்ந்துவிடுவார். எழுத ஆகும் நேரம் பத்து நிமிடம். சிசி போட ஆகும் நேரம் நாற்பது நிமிடம்.

அந்தச் சிசி பெட்டியைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயருக்கு முன்னால் சித்தப்பா பெயர் போட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்த குடும்பத்துப் பெரியவர் மாதிரி, ஒவ்வொரு பெயராக வைத்து, எடுத்து, மறுபடி வைப்பார். முதலில் ப்ளான்ட் ஹெட். அடுத்து சென்னை ஆபீஸ். அடுத்து புனே. கடைசியில் தாய்க் கம்பெனியின் ஜப்பான்காரர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவர் போன வருடமே ரிட்டயர் ஆகிவிட்டார். அவருடைய முகவரியிலிருந்து ஒவ்வொரு முறையும் மெயில் திரும்பி வருகிறது. இவரும் விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறார், திதி கொடுக்கிற மாதிரி.

ஒருமுறை ஒரு டெபுட்டி ஜெனரல் மேனேஜரின் பெயரைச் சீனியர் மேனேஜர் ஒருவருக்குப் பின்னால் போட்டுவிட்டார். பதறிப்போய் மெயிலை 'ரீகால்' செய்தார். ரீகால் செய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். "இன்னார் இந்த மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறார்" என்று ஊருக்கே இன்னொரு மெயில் போகும். அதுவரை படிக்காத முந்நூறு பேரும் அப்படி என்னதான் எழுதிவிட்டார் என்று அன்றைக்குத்தான் திறந்து படித்தார்கள். பிறகு திருத்திய மெயில் வந்தது. அதிலும் மூன்று ஆச்சரியக்குறி.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லோருக்கும் போய்ச் சேரும்படி ஒரு செய்தியை அனுப்புகிற வழக்கத்தை ஆரம்பித்தவர் எங்கள் ஸ்ரீபெரும்புதூர்க்காரர்தான். 1017-ல் இங்கே பிறந்தார் என்பார்கள். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு தடவை நடையாய் நடந்து மந்திரம் கேட்ட ராமானுஜர், யாருக்கும் சொல்லக் கூடாது என்று குரு வாங்கிய சத்தியத்தை மீறிக் கோயிலின் உச்சியில் ஏறி நின்று ஊரையே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார் என்பது கதை. நரகம் எனக்கு, நன்மை ஊருக்கு என்றாராம். நம்மவரும் ஏறுகிற உயரம் அதேதான். ஆனால் கீழே நிற்கிறவர்களுக்குக் கேட்பது அவர் பெயர் மட்டும்.

நான் குவாலிட்டியில் இருக்கிறவன். எண்ணுவதுதான் என் தொழில். அதனால் அன்றைக்கு வந்த மெயிலையும் எண்ணினேன். மொத்தம் இருநூற்றுச் சொச்சம் வார்த்தைகள். 'ஐ', 'மை', 'மீ' மூன்றும் சேர்ந்து பதினொன்று. 'லீடர்ஷிப்' நான்கு. 'அண்டர் தி ஏபிள் கைடன்ஸ்' இரண்டு. ஒன்று ப்ளான்ட் ஹெட்டின் ஏபிள் கைடன்ஸ், இன்னொன்று அந்த ஏபிள் கைடன்ஸின் கீழ் இவர் கொடுத்த ஏபிள் கைடன்ஸ். பரிசு வாங்கிய பெண்ணின் பெயர் ஒன்று. எங்கள் தொழிலில் பழுதுகளை வகை பிரித்து, பெரியதை முதலிலும் சிறியதைக் கடைசியிலும் நிறுத்திப் பட்டைப்படம் போடுவோம். பேரெட்டோ என்பது அதற்குப் பெயர். இந்த மெயிலுக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். அந்தப் பெண் படத்தின் வலது ஓரத்தில், 'இதர' என்று எழுதுகிற இடத்தில் வந்து நின்றாள்.

பெயர் வந்த இடமும் சாதாரண இடம் இல்லை. ப்ளான்ட் ஹெட்டின் தொலைநோக்குக்கு நன்றி, ஹெச்.ஆரின் ஒத்துழைப்புக்கு நன்றி, பர்ச்சேஸுக்கு நன்றி. பர்ச்சேஸ் இதில் என்ன செய்தது என்று பர்ச்சேஸுக்கே தெரியாது. 'லாஸ்ட் பட் நாட் தி லீஸ்ட்' என்று சொல்லி, அதற்குப் பிறகுதான் அவள். அதிலும் இனிஷியல் தப்பு. 'என்' என்று இருக்க வேண்டியது 'எம்' என்று இருந்தது. தமிழ்நாட்டில் இனிஷியல் தப்பானால் எழுத்துப்பிழை என்று சொல்லிவிட்டுப் போக முடியுமா? ஒரே அடியில் அப்பாவை மாற்றிவிட்டார் மனிதர்.

சரி, அவள் செய்தது என்ன? மெயிலில் 'இன்னோவேட்டிவ் போகா-யோகே சொல்யூஷன்' என்று மூன்று வார்த்தை இருந்தது. அவ்வளவுதான். என்ன பழுது, எங்கே வந்தது, எப்படி நின்றது, எதுவும் இல்லை. படித்த முந்நூறு பேருக்கும் அவள் ராக்கெட் விட்டாளா ரங்கோலி போட்டாளா என்று தெரியாது. அதனால் நான் சொல்கிறேன்.

எங்கள் வெல்டிங் லைனில் ஒரு பிராக்கெட் ஓடுகிறது. உள்ளங்கை அகலம். காரின் இடது கதவுக்கு ஒன்று, வலது கதவுக்கு ஒன்று. இரண்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றையொன்று திருப்பிப்போட்ட உருவம். பீஸை ஃபிக்சரில் வைத்து, கிளாம்பை மூடி, பட்டனை அழுத்தினால் அதன் மேல் ஒரு நட்டைப் பற்றவைக்கும். வலது ஃபிக்சரில் இடது பீஸை வைத்தாலும் கிட்டத்தட்ட உட்கார்ந்துவிடும். அந்தக் கிட்டத்தட்டதான் வினை. வெல்டும் ஆகிவிடும், நட்டு மட்டும் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும். உடனே தெரியாது. இரண்டு ஸ்டேஷன் தள்ளி போல்ட் போடுகிறவர் போல்ட் ஏறவில்லை என்று கத்தும்போதுதான் தெரியும். அதற்குள் பின்னால் இருபது பீஸ் வந்து நிற்கும்.

இதற்கு நாங்கள் என்னென்ன வைத்தியம் செய்தோம்! இடதுக்குப் பச்சை, வலதுக்குச் சிவப்பு என்று பெயின்ட் அடித்தோம். மூன்று வாரத்தில் எண்ணெய் படிந்து இரண்டும் ஒரே பழுப்பு. கண்ணுக்கு நேராகப் படம் ஒட்டினோம். இரவு ஷிப்டில் நாலு மணிக்கு யார் படத்தைப் பார்ப்பார்கள்? எல்லாவற்றுக்கும் மேல் ஒரு மகா வைத்தியம் உண்டு. பழுது வந்தால் வாடிக்கையாளருக்கு ரிப்போர்ட் எழுதும்போது, 'எடுக்கப்பட்ட நடவடிக்கை' என்ற கட்டத்தில் "ஆபரேட்டருக்கு மறுபயிற்சி அளிக்கப்பட்டது" என்று எழுதுவது. இந்தப் பெண் மட்டும் ஒரே பழுதுக்கு ஏழு முறை மறுபயிற்சிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எட்டாவது முறை பேப்பரை நீட்டியபோது, "அண்ணா, எனக்குத் தெரியுதுண்ணா. அந்த ஃபிக்சருக்குத்தான் தெரியல. அதுக்குப் பயிற்சி குடுங்க" என்றாள்.

கொடுக்க வேண்டிய பயிற்சி என்ன என்று சொன்னவளும் அவள்தான். வலது பீஸில் ஒரு துளை இருக்கிறது. இடது பீஸை அதே ஃபிக்சரில் வைத்தால் அந்தத் துளை நான்கு மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. வலது பீஸின் துளை வருகிற இடத்தில் ஃபிக்சரில் ஒரு பின்னை நட்டுவிட்டால்? சரியான பீஸ் என்றால் பின் துளைக்குள் போகும். தப்பான பீஸ் என்றால் பின் தகட்டில் முட்டி, பீஸ் ஆடும். கிளாம்ப் முழுதாக மூடாது. மூடாவிட்டால் ஏற்கெனவே அங்கே இருக்கிற சென்சார் சிக்னல் கொடுக்காது. சிக்னல் இல்லாவிட்டால் வெல்ட் ஆகாது. கவனமாக இரு என்று யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியதே இல்லை. தூங்கிக்கொண்டே வைத்தாலும் தப்பாக வைக்க முடியாது. டூல் ரூமில் கிடந்த துண்டுக் கம்பியில் கடைந்து, ஆறு மில்லி விட்டத்தில் பின் செய்தார்கள். புதிதாக எதுவும் வாங்கவில்லை. அதனால்தான் பர்ச்சேஸுக்கு நன்றி என்றதும் எனக்குத் தலை சுற்றியது.

இன்னொன்றையும் அவளே யோசித்தாள், அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. பின் தேயும். தேய்ந்து ஒல்லியாகிவிட்டால், அல்லது ஒருநாள் உடைந்துபோனால், ஃபிக்சர் மறுபடியும் பழைய குருடி ஆகிவிடும், யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு ஷிப்ட் ஆரம்பத்திலும் தப்பான பீஸ் ஒன்றை வேண்டுமென்றே வைத்துப் பார்க்க வேண்டும், கிளாம்ப் மூட மறுத்தால்தான் லைன் ஓடலாம் என்றாள். அந்தத் தப்புப் பீஸுக்குச் சிவப்பு அடித்து, சங்கிலி போட்டு ஃபிக்சர் பக்கத்திலேயே கட்டியிருக்கிறோம், வங்கியில் பேனா கட்டுகிற மாதிரி. மூன்று மாதமாக ஒரு பீஸ்கூட மாறவில்லை.

இதைத்தான் சென்னையில் ஒரு கைசன் போட்டி மேடையில், பத்து நிமிடம், தமிழில் சொன்னாள். பின்னை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று நடுவர் கேட்டதற்கு, "குப்பையிலிருந்து சார்" என்றாள். அரங்கம் சிரித்தது. தங்கம் கிடைத்தது. அங்கே மதிப்பெண்ணை வைத்துத் தங்கம் கொடுப்பார்கள், ஆகவே அன்று தங்கம் வாங்கியவர்கள் வேறு சிலரும் உண்டு. அதில் ஒரு குறைச்சலும் இல்லை. ஆனால் நம்மவர் மெயிலைப் படித்தால் இந்தியாவிலேயே ஒரு தங்கம்தான் இருந்தது, அதை இவர் போய்த் தோண்டி எடுத்து வந்தார் என்று தோன்றும்.

மெஷினில் நிற்கிறவனுக்குத்தான் மெஷினின் கோளாறு தெரியும் என்பது புதிய ஞானம் இல்லை. ஜப்பானில் 1962-லேயே தொழிலாளர்களைக் கூட்டி உட்காரவைத்துத் தர வட்டம் ஆரம்பித்துவிட்டார்கள். நம் நாட்டில் 1980-ல் ஹைதராபாத் ராமச்சந்திரபுரம் பெல் ஆலையில் அதைத் தொடங்கிவைத்த எஸ்.ஆர். உட்பா ஒரு பொது மேலாளர். மேலாளர் என்றாலே எனக்கு ஆகாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

போகா-யோகே என்ற வார்த்தைக்கே ஒரு கதை உண்டு, நம்மவருக்கு யாராவது சொன்னால் தேவலை. 1961-ல் ஷிகியோ ஷிங்கோ என்ற இன்ஜினியர் ஒரு ஆலைக்குப் போனார். ஸ்விட்சுக்குள் இரண்டு சின்ன ஸ்பிரிங் வைக்க வேண்டும். ஆட்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். முதலில் இரண்டு ஸ்பிரிங்கையும் ஒரு சின்னத் தட்டில் எடுத்து வை, பிறகு பொருத்து என்றார். பொருத்தி முடித்தபின் தட்டில் ஒன்று மிச்சம் இருந்தால் மறந்துவிட்டோம் என்று உடனே தெரிந்துவிடும். இந்த மாதிரி ஏற்பாடுகளுக்கு அப்போது 'பாகா-யோகே' என்று பெயர். பாகா என்றால் முட்டாள். முட்டாளும் தப்புச் செய்ய முடியாத ஏற்பாடு. இரண்டு வருடம் கழித்து வேறொரு ஆலையில் ஒரு பெண் தொழிலாளி, நான் அவ்வளவு முட்டாளா என்று அழுதுவிட்டாளாம். ஷிங்கோ பெயரையே மாற்றினார். போகா என்றால் கைத்தவறு. ஒரு தொழிலாளியின் அழுகைக்காக உலகம் முழுக்க ஓடுகிற ஒரு கலைச்சொல் மாறியிருக்கிறது. இங்கே ஒரு இனிஷியலை மாற்றச் சொல்லி நான் இரண்டு முறை போன் செய்தேன். "அடுத்த மெயில்ல பார்த்துக்கலாம்பா" என்றார்.

கோபம் இருக்கிறது. ஆனாலும் ஒன்றை மறைக்க முடியாது. அந்தப் பின்னை நட வேண்டும் என்றால் ஃபிக்சரைக் கழற்ற வேண்டும். கழற்றினால் லைன் இரண்டு மணி நேரம் நிற்கும். மாதக் கடைசி. லாரி கேட்டில் நிற்கிறது. ஒரு நிமிடம் லைன் நின்றாலே காரணம் கேட்கிற ஊர் இது. அன்றைக்கு இவர் ஃபிக்சர் பக்கத்தில் வந்து நின்று, அந்தப் பெண் சொன்னதைக் கைகட்டிக்கொண்டு கேட்டு, தப்புப் பீஸைத் தானே இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டு, "கழட்டுங்கப்பா, நான் பார்த்துக்கறேன்" என்றார். மறுநாள் மார்னிங் மீட்டிங்கில் ப்ளான்ட் ஹெட்டிடம் எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டார். எங்களில் ஒருவர் பெயரையும் எடுக்கவில்லை. போட்டி முடிந்து ராத்திரி பத்து மணிக்கு நாங்கள் வேனில் திரும்பியபோது சுங்குவார்சத்திரத்தில் பரோட்டாப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

இருநூற்றுச் சொச்சம் வார்த்தையில் அந்த இரண்டு மணி நேரத்துக்கு இடம் இல்லை. அவர் நிஜமாகச் செய்த ஒரே காரியத்தை அவரே எழுதவில்லை. போய்க் கேட்டேன்.

"சார், லைனை நிறுத்திக் குடுத்தீங்களே, அதை எழுதியிருக்கலாமே?"

"யோவ், லைன் நின்னுச்சுன்னு ஜப்பானுக்கு மெயில் போடச் சொல்றியா? கொழந்தையாய்யா நீ?"

அதோடு மூடிக்கொண்டேன். பதில் மெயில்கள் வர ஆரம்பித்துவிட்டன. "கங்ராட்ஸ் சார்", "வெல் டிசர்வ்ட் சார்", "யுவர் கைடன்ஸ் சார்". எல்லாம் எல்லோருக்கும். முதல் அரை மணியில் நாற்பத்தாறு. ஸ்டோர்ஸிலிருந்து ஒருவர் மறதியில், மூன்று நாளாக வராத கையுறை இண்டென்ட்டை இதே மெயிலில் கேட்டுவிட்டார். அதற்கும் ஒருவர் "கங்ராட்ஸ்" போட்டார். நாற்பத்தாறில் ஒன்றுகூட அந்தப் பெண்ணுக்கு இல்லை. போகவும் போகாது. ஆபரேட்டர்களுக்கு மெயில் ஐடி கிடையாது.

மதியம் ஹெச்.ஆர். அதைப் பிரின்ட் எடுத்து, கேன்டீன் வாசல் நோட்டீஸ் போர்டில், அன்றைய மெனுவுக்கும் பஸ் ரூட் மாற்றத்துக்கும் நடுவில் குத்தினார்கள். கூடவே படம். நடுவில் கோப்பையோடு நம்மவர். ஓரத்தில் அவளுடைய தோள். பி ஷிப்டுக்கு வந்தவள் போர்டு முன்னால் நின்று விரல் வைத்துத் தேடினாள். அவளுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும்.

"அண்ணா, இதுல நான் எங்கண்ணா இருக்கேன்?"

காட்டினேன். இனிஷியலைப் பார்த்தாள். "இது எங்கப்பா இல்லியே" என்று சிரித்தாள். பிறகு, "அம்மாகிட்ட காட்டணும், ஒரு காப்பி கெடைக்குமா?" என்றாள். போனில் படம் எடுக்க முடியாது. போனெல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பிரின்ட் எடுத்துக் கொடுக்கப் போனபோதுதான் உறைத்தது. செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிற அந்த அம்மாவுக்கு 'ஏபிள் கைடன்ஸ்' என்ன புரியும்? பேப்பரைத் திருப்பி, பின்பக்கம் பேனாவால் எழுதினேன்:

"அம்மாவுக்கு வணக்கம். இடது பீஸை வலது பக்கம் மாற்றி வைத்துவிடுகிற தவறு எங்கள் லைனில் ரொம்ப நாளாக இருந்தது. நாங்கள் எல்லோரும் முயன்றும் தீரவில்லை. உங்கள் மகள் ஒரு சின்னப் பின்னை நட்டு அதைத் தீர்த்தாள். அதை நடுவதற்கு எங்கள் மேலாளர் இரண்டு மணி நேரம் லைனை நிறுத்திக் கொடுத்தார். மூன்று மாதமாக ஒரு பீஸ்கூட மாறவில்லை. அதற்குத்தான் தங்கம்."

எழுத மூன்று நிமிடம் ஆனது. சிசி யாரும் இல்லை.

ஆறு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, என் ஒருவனுக்கு மட்டும் ஹெச்.ஆரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. ஆச்சரியக்குறி எதுவும் இல்லை. இந்த மாதத்தோடு ஒப்பந்தக் காலம் முடிகிறவர்களின் பட்டியல், அடையாள அட்டையையும் ஷூவையும் திரும்ப வாங்கிக்கொள்ளவும் என்று இருந்தது. நான்காவது பெயர் அவளுடையது. இனிஷியல் சரியாக இருந்தது.